வரைபடத்தில் மறைந்த மாவட்டம்

கெடாவில் ஓர் இடைநிலைப்பள்ளியின் மாணவர் குழு, பள்ளிக்குச் செல்ல அரை மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்யும் மாணவர்கள் எந்த மாவட்டத்தில் அதிகம் என்று அறிய விரும்புவதாகக் கொள்வோம். உதவிப் பேருந்து எங்கே தேவை என்பதை அந்த வரைபடத்தைப் பார்த்தே பெற்றோர் கேட்கப் போகிறார்கள். குழுவிடம் 320 கருத்தாய்வுப் படிவங்கள் உள்ளன. மாவட்ட எல்லைகளைக் கொண்ட கோப்பு ஒன்றும் உள்ளது. இவ்விரண்டையும் இணைத்து நிறமூட்டும் இலவச மென்பொருள்தான் கியூஜிஐஎஸ்.

இரண்டையும் இணைக்கும் பாலம் மாவட்டத்தின் பெயர். எல்லைக் கோப்பில் 'Kuala Muda' என்று இருந்தால், அட்டவணையிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். 'KUALA MUDA' என்றாலோ, பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலோ, கணினிக்கு அது வேறு ஊர். மேலும், படிவத்தில் பலர் 'சுங்கை பட்டாணி' என்றும் 'ஹார்வர்ட் தோட்டம்' என்றும் எழுதியிருப்பார்கள். நகரமும் தோட்டமும் மாவட்டங்கள் அல்ல. இவை இரண்டும் கோலா மூடா மாவட்டத்தில் உள்ளன என்று மனிதர்தாம் பார்த்து மாற்ற வேண்டும். பெரிய எழுத்து, இடைவெளி போன்ற பிழைகளை மட்டும் கீழ்க்காணும் சூத்திரம் திருத்தும்:

```
title(trim("daerah"))
```

அடுத்து, படிவங்களை மாவட்டவாரியாகக் கூட்ட வேண்டும். 320 வரிகளை அப்படியே இணைத்தால், ஒரே பெயருடைய பல வரிகளில் ஒன்றை மட்டுமே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். குழுவின் கூட்டல் இப்படி அமைகிறது: கோலா மூடாவில் 120 பேரில் 36 பேர், கூலிமில் 90 பேரில் 27 பேர், கோத்தா ஸ்டாரில் 50 பேரில் 10 பேர், பாலிங்கில் 30 பேரில் 12 பேர், போக்கோக் சேனாவில் 20 பேரில் 12 பேர், சீக்கில் 10 பேரில் 6 பேர் நெடுந்தூரம் பயணம் செய்கிறார்கள்.

எல்லை அடுக்கின் Properties பகுதியில் Joins என்பதைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்தி, இரு பக்கத்துப் பெயர்ப் பத்திகளையும் தேர்ந்தெடுத்தால் இணைப்பு முடிந்துவிடும். பிறகு Symbology பகுதியில் Graduated என்பதைத் தேர்ந்தெடுத்தால், மதிப்புக்கேற்ப நிறம் அடர்ந்துகொண்டே போகும். எண்ணிக்கைக்கு நிறம் தீட்டினால் கோலா மூடாவே மிக அடர்ந்து தெரியும். அங்கே படிவங்கள் அதிகம் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. விழுக்காட்டுக்கு நிறம் தீட்டினால் கோலா மூடா 30 விழுக்காட்டில் நிற்க, சீக்கும் போக்கோக் சேனாவும் 60 விழுக்காட்டுடன் முன்னுக்கு வர வேண்டும். ஆனாலும், சீக்கின் 60 விழுக்காடு வெறும் பத்துப் படிவங்களிலிருந்து வந்தது. இரண்டு பேர் மாற்றிச் சொன்னாலே அது 40 ஆகிவிடும். வரைபடத்தின் ஓரத்தில் படிவ எண்ணிக்கையையும் எழுதுவதே நேர்மை.

படிவம் எதுவும் வராத லங்காவி போன்ற மாவட்டங்களுக்கு NULL என்ற வெற்று மதிப்பு கிடைக்கும். அவை நிறமின்றி ஓட்டைகளாகத் தெரியும். ஓட்டையைக் கண்டால் யாரும் காரணம் கேட்பார்கள்.

கண்ணில் படாத பிழைதான் ஆபத்தானது. இன்று கெடாவில் 12 மாவட்டங்கள் உள்ளன. போக்கோக் சேனா முன்பு கோத்தா ஸ்டாருடன் சேர்ந்திருந்து, பின்னர் தனி மாவட்டமானது. குழு பழைய எல்லைக் கோப்பைப் பதிவிறக்கியிருந்தால், அதில் 11 வடிவங்களே இருக்கும். போக்கோக் சேனாவின் வரி ஒட்ட இடமில்லாமல் சத்தமின்றி விழுந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. வரைபடத்தில் ஓட்டையும் இராது. ஏனென்றால், பழைய கோத்தா ஸ்டார் வடிவம் அந்த நிலப்பகுதியையும் மூடிக்கொண்டு, 20 விழுக்காட்டின் வெளிர்நிறத்தைப் பூசியிருக்கும். பேருந்து மிகவும் தேவைப்படும் இடங்களுள் ஒன்று, தேவையே குறைந்த இடமாகக் காட்சியளிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டல் போதும். இணைத்த பின் Statistical Summary பலகத்தில் படிவப் பத்தியின் Sum மதிப்பைப் பார்க்கலாம். 320 வர வேண்டிய இடத்தில் 300 வந்தால், விடுபட்ட 20 யாருடையது என்பது அட்டவணையைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

திருத்த இரண்டு வழிகள் உள்ளன. 12 மாவட்டங்களும் உள்ள புதிய எல்லைக் கோப்பைப் பெறுவது சிறந்தது. அது கிடைக்காவிட்டால், இரண்டு மாவட்டங்களின் எண்ணிக்கைகளையும் சேர்க்க வேண்டும். அப்போது 70 பேரில் 22 பேர், அதாவது ஏறத்தாழ 31 விழுக்காடு. விழுக்காடுகளான 20-ஐயும் 60-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 40 என்று எழுதுவது தவறு. 50 படிவங்களுக்கும் 20 படிவங்களுக்கும் அது ஒரே எடையைக் கொடுத்துவிடுகிறது. 31 என்பது சரியான எண்தான். இருந்தும், அந்த வரைபடத்தில் போக்கோக் சேனாவின் 60 விழுக்காடு தெரியாது. அதைக் குறிப்பாக எழுதி, பெற்றோரிடம் கொடுக்கும் தாளில் சேர்க்க வேண்டியிருக்கும்.