கணக்கில் எத்தனை மார்க் வேண்டும்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 35, ஐந்து பாடங்களின் கூட்டுத்தொகை 250 இருந்தால்தான் தேர்ச்சி என்கிறது மகளின் பள்ளி. தமிழ் 62, ஆங்கிலம் 54, அறிவியல் 50, சமூக அறிவியல் 43 வாங்கிவிட்டாள். கணக்குதான் பாக்கி, அதில் பலவீனம். 35 போதுமா?

பதில்: போதாது அம்மா. நான்கு பாடங்களின் கூட்டுத்தொகை 209. 250-இல் அதைக் கழித்தால் 41. கணக்கில் 35 எடுத்தால் அந்தப் பாடத்தில் தேர்ச்சிதான். ஆனால் மொத்தம் 244 ஆகி, 6 மார்க்கில் வகுப்பு போய்விடும்.

நான்கிலும் சேர்த்து 230 இருந்திருந்தால் 20 போதும் என்று கழித்தல் சொல்லும். அப்போதும் 35 எடுத்தே ஆக வேண்டும். கழித்து வரும் எண், பாடத் தேர்ச்சி எண் இரண்டில் பெரியதே இலக்கு. உங்கள் மகளுக்கு அது 41.