ஊற்று மலையில், அழுத்தம் தாங்கியில்

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் மலையில் ஊற்றை மறித்து, பைப் போட்டுத் தண்ணீரை இறக்குவது பழைய வழக்கம். பீலிக்கரைக்கு வந்த தண்ணீர் இப்போது ஏழு பேர்ச் காணி வீடுகளின் கூரைத் தாங்கிக்கும் வருகிறது. "ஊற்று 200 அடி உயரத்தில இருக்கு, பிறகு ஏன் ஷவர் சொட்டுது?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

ஊற்றின் உயரம் தாங்கியோடு முடிந்துவிடுகிறது. தாங்கிக்குள் விழும் தண்ணீர் வெளிக்காற்றைத் தொட்டதும், மலையிலிருந்து கொண்டுவந்த அழுத்தத்தை இழக்கிறது. அதன்பின் கணக்கு ஒன்றுதான்: தாங்கியின் நீர்மட்டத்துக்கும் வீட்டுக் குழாயின் வாய்க்கும் இடையே எத்தனை அடி? ஒரு பார் அழுத்தத்துக்குச் சுமார் 33 அடி வேண்டும். ஒற்றைத் தட்டு வீட்டில் அவ்வளவு உயரத்துக்கு எங்கே போவது? அதனால் ஒவ்வொரு அடியும் பெறுமதியானது.

500 லீட்டர் தாங்கியை எடுத்துவிட்டு 1000 லீட்டர் வைத்தால் வேகம் கூடும் என்பதும் தவறு. தண்ணீர் கூடுதல் நேரம் வரும், அவ்வளவே. 1000 லீட்டர் என்றால் ஒரு தொன் எடை. பழைய லயத்துத் தகரக் கூரைக்கு அது வேண்டாத வேலை.

பிடிவாதமான நம்பிக்கை பைப்பைப் பற்றியது: "ஒடுங்கின பைப் போட்டால் தண்ணி பீய்ச்சி அடிக்கும்." ஹோஸ் வாயை விரலால் அடைத்துப் பார்த்தவர்கள் சொல்வது இது. பீய்ச்சுவது உண்மைதான், ஆனால் வாளி நிறையக் கூடுதல் நேரம் எடுக்கும். வாயை மட்டும் ஒடுக்குவது ஒன்று. 50 அடிப் பைப் முழுவதையும் ஒடுக்குவது வேறொன்று. ஓடும் தண்ணீர் பைப் சுவரில் உராய்ந்து, வழியெல்லாம் உயரத்தைத் தின்றுகொண்டே போகிறது.

ஒரு வீட்டைக் கணக்கிடுவோம். குளியலறை மேல் போட்ட சிலாப்பில் தாங்கி. அதன் வெளிவாய் தரையிலிருந்து 9 அடி. குசினிக் குழாய் 3 அடியில் என்றால், தாங்கி வற்றும் நிலையில் கையில் இருப்பது 6 அடி. எல்போக்களின் தடையையும் சேர்த்துப் பைப் நீளம் 50 அடி. நிமிடத்துக்கு 9 லீட்டர் வேண்டும். பத்து லீட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே நிறைகிற ஓட்டம் அது. 20 மி.மீ. பைப்பில், அதாவது அரை அங்குலத்தில், உராய்வு ஏறக்குறைய 1.7 அடியை எடுத்துக்கொள்ளும். பரவாயில்லை. அதே பைப்பில் தொங்கலில் இருக்கும் இன்னொரு குழாயையும் திறந்து ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால், இழப்பு இரட்டிக்காது. 6 அடியைத் தொட்டுவிடும். இருந்ததே 6 அடிதான். அதனால் இரண்டிலும் அந்த ஓட்டம் கிடைக்காது. ஒருவர் திறந்தால் மற்றவருக்குக் குறைந்துவிடும். 25 மி.மீ. போட்டால் அதே இரட்டை ஓட்டத்துக்கு இழப்பு 1.7 அடி, 32 மி.மீ. போட்டால் அரை அடி. ஆகவே தாங்கியிலிருந்து முதல் கிளை வரை 32, குசினி வரை 25, கடைசி இரண்டு மூன்று அடிக்கு மட்டும் 20 போதும். வெளிவாயில் மட்டும் அரை அங்குல வால்வைப் போட்டுவிட்டுப் பைப்பைப் பெருப்பித்தவர்களும் உண்டு, காசு வீண்.

ஆனால் பெரிய பைப் அழுத்தத்தை உண்டாக்காது, இருப்பதைக் காப்பாற்றும். இதே வீட்டில் ஷவர் தலை ஆறரை அடியில் இருந்தால் மிஞ்சுவது இரண்டரை அடிதான். எந்தப் பைப்பாலும் அதைக் கூட்ட முடியாது. அங்கே தாங்கியைத்தான் தூக்கவேண்டும். சிலாப்புக்கு மேல் 4 அடி மேடை கட்டினால் ஆறரை அடி ஆகிவிடும். ஆனால் மேடையின் பாரம் சிலாப்பின் நடுவில் அல்ல, சுவர்களின் மேல் இறங்கவேண்டும்.

குறை உயரத்திலா பைப்பிலா என்று அறிய மேசன் பாஸ் மட்டம் பார்க்கும் தெளிவான டியூப் போதும். குசினிக் குழாயில் இறுக்கிக் கட்டி, மறுமுனையைச் சுவரோரம் உயர்த்திப் பிடித்துக் குழாயைத் திறவுங்கள். மற்றக் குழாய்கள் பூட்டியிருக்கும்போது டியூபில் நிற்கும் தண்ணீர் தாங்கியின் நீர்மட்டத்தைக் காட்டும். இப்போது அதே பைப்பில் இருக்கும் மற்றக் குழாயைத் திறந்தால் மட்டம் இறங்கும். இறங்கிய அடி முழுவதும் இரண்டுக்கும் பொதுவான பைப்பில் தொலைந்தது. அது அதிகமென்றால் பைப் ஒடுக்கம், அல்லது வால்வில் மண்.

வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மேடு இருந்தால் கூரையை மறந்துவிடலாம். தரையைவிட 15 அடி உயரத்தில், உறுதியான நிலத்தில் வைத்த தாங்கி, எந்தச் சிலாப்பையும்விட நல்ல அழுத்தம் தரும். பைப் மட்டும் ஒரே சரிவாக இறங்கட்டும். நடுவில் ஏறி இறங்கினால் மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். ஊற்றுத் தண்ணீர் இரவு முழுவதும் வந்துகொண்டிருக்கும் என்பதால், வழியும் நீரை மண்ணுக்குள் விடாமல் சீமெந்துக் கானில் பிடித்துக் கீழே இறக்கவேண்டும். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்த கேகாலை மாவட்டத்தில் இதை எந்தப் பிளம்பருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் கானுக்கான செலவை எஸ்டிமேட்டில் முதலில் வெட்டுகிறார்கள்.