நாஸ் கதவை ஒருவர் எத்தனை முறை தட்டலாம்?

ஈரோட்டில் பதினொரு பேர் வேலை பார்க்கும் தணிக்கையாளர் அலுவலகம் அது. வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி கோப்புகள், டேலி பேக்கப், ஸ்கேன் செய்த பான் அட்டைகள் என எல்லாமே ஒரு சினாலஜி நாஸ் பெட்டியில் இருந்தன. அலுவலகப் பெரியவர் இரவில் வீட்டிலிருந்து கோப்பு பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் 5001 போர்ட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்த அன்று முதல் வேலையாக Log Center-ஐத் திறந்தேன். பக்கம் பக்கமாக இந்த வரிதான் இருந்தது. முகவரியை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்.

```
User [admin] from [203.0.113.47] failed to sign in to [DSM] via [password] due to authorization failure.
```

நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு ஒன்று, இரண்டு நிமிடம் கழித்து வேறு முகவரியிலிருந்து இன்னொன்று, பிறகு மூன்றாவது முகவரி. தட்டுவது மனிதர் இல்லை. வைரஸ் புகுந்த கணினிகளும் ரவுட்டர்களும் ஒரே கட்டளைக்கு ஆடுகின்றன. அந்த அலுவலகத்தை யாரும் குறிவைக்கவில்லை. இணையத்தில் திறந்து கிடக்கும் எல்லாக் கதவையும் அவை தட்டிப் பார்க்கும். 2019 ஜூலையில் இப்படி அட்மின் கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே போய்க் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட தாக்குதலைப் பற்றி சினாலஜி எச்சரித்தது. 2021 ஆகஸ்டில் ஸ்டெல்த்வொர்க்கர் என்ற பாட்நெட் அதே வேலையைச் செய்வதாக மறுபடி அறிவித்தது. இரண்டு முறையும் மென்பொருளில் ஓட்டை தேடத் தேவையே இருக்கவில்லை. எளிதான கடவுச்சொல்லே வழிவிட்டது.

உங்கள் அலுவலகத்தில் நாஸ் உங்கள் பொறுப்பு என்றால், இந்த வேலையை எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பது முக்கியம். தடுப்பை முதலில் போட்டுவிட்டுச் சாவியை அப்புறம் தேடினால் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

முதலில் ஆட்களைச் சரிசெய்யுங்கள். உங்கள் பெயரை வைத்து ஊகிக்க முடியாத ஒரு பயனர் பெயரில் புதிய நிர்வாகிக் கணக்கு உருவாக்குங்கள். இன்னொருவர் பொறுப்பில் இரண்டாவது நிர்வாகிக் கணக்கும் இருக்கட்டும். உங்கள் போன் தண்ணீரில் விழுந்த அன்று அதுதான் காப்பாற்றும். புதுக் கணக்கில் நுழைந்து பார்த்த பிறகு பழைய `admin` கணக்கை முடக்குங்கள். ஈரோட்டுப் பதிவில் நான் பார்த்த முயற்சிகளில் பெரும்பாலானவை `admin` என்ற பெயரில்தான் வந்தன. அந்தப் பெயரே செயலில் இல்லாவிட்டால் சரியான கடவுச்சொல் கிடைத்தாலும் கதவு திறக்காது.

அடுத்து தானியங்கித் தடுப்பு. Control Panel, Security, Protection என்று போனால் Auto Block இருக்கும். அங்கே இரண்டு எண்கள் கேட்கும்: எத்தனை தவறு, எத்தனை நிமிடத்துக்குள். நான் பார்த்தபோது 5 நிமிடத்துக்குள் 10 தவறு என்று இருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு 9 முறை மட்டும் தட்டும் முகவரி எப்போதும் மாட்டாது. ஒரு நாளில் 288 ஐந்து நிமிடங்கள். அப்படியானால் ஒரே முகவரி ஒரு நாளில் 2,592 கடவுச்சொற்களை நிம்மதியாகச் சோதிக்கலாம். இருநூறு முகவரிகள் கூட்டாக வந்தால் ஐந்து லட்சத்தைத் தாண்டும்.

நான் அதை 1440 நிமிடத்துக்குள் 5 தவறு என்று மாற்றினேன். 1440 நிமிடம் என்பது ஒரு முழு நாள். இப்போது ஒரு முகவரிக்கு ஒரு நாளில் மாட்டாமல் கிடைப்பது நான்கே முயற்சிகள். இருநூறு முகவரிகள் சேர்ந்தாலும் 800. ஐந்து லட்சம் எங்கே, 800 எங்கே. ஆனாலும் 800 என்பது பூஜ்யம் இல்லை. எளிதான கடவுச்சொல் யாரிடமாவது இருந்தால் ஓரிரு வாரத்தில் அந்த ஊகங்களில் ஒன்று அதைத் தொட்டுவிடலாம். தடுப்புப் பட்டியல் திருடனைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அவனை நிறுத்துவது கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கப்படும் இரண்டாம் படிதான்.

அங்கேயே Enable block expiration என்று ஒரு தெரிவும் உண்டு. தடை எத்தனை நாளில் தானாக நீங்க வேண்டும் என்பது அதில். காலத்துக்கும் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று தோன்றும். நம் மொபைல் நெட்வொர்க்குகளில் முன்பின் தெரியாத பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று தட்டியவனுடைய முகவரி நாளை உங்கள் முதலாளியின் போனுக்கு வரலாம். ஏழு நாள் போதும்.

இனி இரண்டாம் படி. ஒவ்வொருவரும் தன் கணக்கில் Personal பக்கத்துக்குப் போய் இதை இயக்கலாம். நிர்வாகிகளுக்கு அதை அவரவர் விருப்பத்துக்கு விடாதீர்கள். Control Panel, Security, Account பக்கத்தில் 2-factor authentication கட்டாயம் என்று போட்டுவிடலாம். போனில் உள்ள ஆப் 30 விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண் தரும். கடவுச்சொல்லை ஊகித்தவனிடம் அந்த எண் இருக்காது. QR குறியீடு திரையில் வரும் அந்த ஒரே தருணத்தில் இரண்டு போன்களில் ஸ்கேன் செய்துவிடுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். ஒன்று உங்கள் போன், மற்றொன்று அலுவலக லாக்கரில் இருக்கும் பழைய போன். போன் தொலைந்தால் மின்னஞ்சலில் அவசர எண் வாங்கும் வசதியும் உண்டு. ஆனால் நாஸிலிருந்து மின்னஞ்சல் அனுப்பும் அமைப்பை முன்பே செய்து வைத்திருந்தால்தான் அது வந்து சேரும்.

எண் ஏற்கப்படவில்லை என்று யாராவது வந்து நின்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த எண் நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒருவருக்கு மட்டும் மறுத்தால் அவர் போனின் நேரம் பிசகியிருக்கும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மறுத்தால் பிசகியது நாஸின் கடிகாரம். Regional Options பக்கத்தில் NTP சர்வருடன் நேரத்தை ஒத்திசைக்கும்படி வைத்துவிட்டால் அது தானாகச் சரியாகிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் அமைதியாகப் போனது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அங்கிருந்து போன் வந்தது. "சார், யாராலயும் உள்ள போக முடியல. ஐபி பிளாக்னு வருது." மறுநாள் ஜிஎஸ்டி தாக்கல் செய்யக் கடைசி நாள்.

என் மொபைல் டேட்டாவில் இருந்து உள்ளே போனேன். எனக்கு வேறு முகவரி என்பதால் தடை இல்லை. Allow/Block List-இல் தடுக்கப்பட்ட முகவரி ஒன்றே ஒன்றுதான்: `192.168.1.1`. அது அலுவலக ரவுட்டரின் முகவரி. பதிவைப் பின்னோக்கிப் பார்த்ததும் கதை புரிந்தது. ஒரு பெண் சனிக்கிழமை தன் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். அவர் போனில் இருந்த ஆப் திங்கட்கிழமை அலுவலக வைஃபை கிடைத்ததும் பழைய கடவுச்சொல்லோடு தட்டிக்கொண்டே இருந்தது. ஐந்தாவது தவறில் தடை விழுந்தது.

அவர் போன் மட்டும்தானே பூட்டப்பட்டிருக்க வேண்டும்? அலுவலகத்தில் எல்லோரும் நாஸின் வெளிப்பெயரைப் போட்டே உள்ளே போய்ப் பழகியிருந்தார்கள். உள்ளிருந்து வெளிப்பெயரைக் கூப்பிட்டால் ரவுட்டர் அந்தப் போக்குவரத்தைத் திருப்பி அனுப்பும்போது தன் முகவரியைப் போட்டுவிடுகிறது. ஆகவே நாஸ் பார்வையில் பதினொரு பேரும் ஒரே ஆள்.

தடையை நீக்கினேன், அந்தப் பெண்ணின் ஆப்பில் புதுக் கடவுச்சொல்லைப் போடச் சொன்னேன், மடிக்கணினிகளில் எல்லாம் நாஸின் உள்முகவரி `192.168.1.20`-ஐ நேராக வைத்தோம். பத்தே முக்காலுக்கு வேலை ஓடத் தொடங்கியது.

இந்த இடத்தில்தான் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். மறுபடி இப்படி ஆகக் கூடாது என்று ரவுட்டரின் முகவரியையே அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். சில ரவுட்டர்கள் வெளியிலிருந்து வருபவர்களுக்கும் தங்கள் முகவரியைத்தான் போட்டு அனுப்பும். அப்படிப்பட்ட ரவுட்டரை அனுமதிப் பட்டியலில் வைத்தால் உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் தடுப்பிலிருந்து விலக்கியதாகிவிடும், தடுப்பு இயங்குவதாகவே திரையும் காட்டும். உங்கள் மேசைக் கணினியின் உள்முகவரியை நிலையாக்கி, அதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரவுட்டர் எப்படிப்பட்டது என்று அறிய இரண்டு நிமிடச் சோதனை ஒன்று உண்டு. உரிமை எதுவும் இல்லாத ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் இருந்து வேண்டுமென்றே தவறான கடவுச்சொல் போடுங்கள். பிறகு அலுவலகக் கணினியில் பதிவைப் பாருங்கள். அங்கே ஒரு பொது முகவரி தெரிந்தால் தடுப்புக்குக் கண் தெரிகிறது. `192.168.1.1` என்று தெரிந்தால் அதற்குக் கண் இல்லை. ரவுட்டரை மாற்றும் வரை 5001-ஐ வெளியே திறந்து வைக்காதீர்கள். கண் தெரிகிறது என்றால் ஐந்து தவறு வரை போய், தடை விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சோதனைக் கணக்கை நீக்கி, உங்கள் மொபைல் முகவரியைத் தடையிலிருந்து எடுத்துவிடுவது கடைசி வேலை.

இன்னொரு கதவும் உண்டு. ஆறு இலக்க எண் உலாவியிலும் சினாலஜி ஆப்களிலும்தான் கேட்கப்படும். SMB, FTP, WebDAV, SSH வழிகளில் கடவுச்சொல் மட்டும் போதும். அதனால் ரவுட்டரில் 21, 22, 445, WebDAV போர்ட்டுகள் எதுவும் திறந்திருக்கக் கூடாது. ஈரோட்டில் முன்பு இருந்தவர் எதற்கோ 22-ஐத் திறந்து அப்படியே விட்டுப் போயிருந்தார். இரண்டாம் படியை எல்லோருக்கும் கட்டாயமாக்கிய பிறகும், அந்த வழியாக வருபவரிடம் யாரும் எண் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது அங்கே 5001-ம் மூடியாகிவிட்டது. பெரியவர் விபிஎன் போட்டே உள்ளே வருகிறார். விபிஎன் வைக்க முடிந்த இடத்தில் அதையே செய்யுங்கள்; தடுப்பும் எண்ணும் அதற்குப் பின்னாலும் இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை பதிவைப் பாருங்கள். கதவு இணையத்துக்குத் திறந்திருக்கும் வரை failed என்று நூறு வரி இருந்தாலும் கலங்க வேண்டியதில்லை, தடுப்பு தன் வேலையைச் செய்கிறது. நீங்கள் தேட வேண்டிய வரி இது:

```
User [kavitha] from [198.51.100.9] signed in to [DSM] successfully via [password].
```

இரவு இரண்டு மணிக்கு, அந்த ஊழியர் தூங்கும் நேரத்தில், அறிமுகமில்லாத முகவரியிலிருந்து இப்படி ஒரே ஒரு வரி இருந்தாலும் முதலில் ரவுட்டரின் இணைய வயரைப் பிடுங்குங்கள். அப்புறம் அந்தக் கணக்கை முடக்குங்கள், பேக்கப் டிஸ்க் நாஸில் செருகியிருந்தால் கழற்றுங்கள், அதன் பிறகு அந்த ஊழியரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.