உராய்வால் கறுத்த தோல்: எந்தக் கிரீம் உதவும், எது வெறும் விளம்பரம்

ஹந்தானைப் பக்கம் மேட்டில் வீடு, கண்டி டவுனில் துணிக்கடை வேலை. இப்படி ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தினமும் படி இறங்கி ஏறுகிறார், நாள் முழுக்க நிற்கிறார், மழைக்காலத்தில் சரியாகக் காயாத உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறார். வாராவாரம் ரேசர், காலையில் வாசனை ரோல்-ஒன். உள்தொடையும் கமக்கட்டும் கறுத்துவிட்டன. கடையில் வாங்கிய 'ஏழு நாளில் வெண்மை' கிரீமைப் பூசினால் எரிகிறது, எரிந்த இடம் இன்னும் கறுக்கிறது.

கறுத்ததற்குக் காரணம் அழுக்கு அல்ல. ஈரத்தில் ஊறிய தோல் திரும்பத் திரும்ப உரசும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் புண்படுகிறது. அதிலிருந்து தப்ப அது தடிக்கிறது, நிறமியையும் கூடுதலாகச் சுரக்கிறது. எரிச்சல் தரும் எந்தப் பூச்சும் அந்தப் புண்ணோடு இன்னொரு புண்ணைச் சேர்ப்பதுதான். தேசிக்காய், அப்பச்சோடா, பற்பசை, முரட்டு ஸ்கிரப் எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

வாங்குமுன் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரம் தடித்து வட்டமாகப் பரவி அரித்தால் அது படர்தாமரை, அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். கழுத்தின் பின்புறமும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் முதலில் சீனி அளவைப் பரிசோதியுங்கள். இவை இரண்டும் இல்லாமல் உரசும் இடம் மட்டும் கறுத்திருந்தால் மேலே படியுங்கள்.

முதல் ஆறு வாரம் உராய்வை நிறுத்தும் வேலை மட்டும். பாவாடைக்குள் தொடை நடுவரை வரும் பருத்தி ஷோர்ட்ஸ் போடுங்கள். வெளியே கிளம்புமுன் உலர்ந்த உள்தொடையில் வாஸ்லினை மெல்லியதாகத் தடவுங்கள். நனைந்த உடுப்பை உடனே மாற்றுங்கள். இடுப்பில் படங்கு கட்டிக் கொழுந்து பறிப்பவர்களுக்கு இதுதான் கஷ்டமான பகுதி. மாற்று ஷோர்ட்ஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது பெரிய உதவி. ரேசருக்குப் பதில் கத்தரியால் முடியைக் குறையுங்கள், வாசனை ரோல்-ஒன்னை விடுங்கள். பலருக்கு இந்தக் கட்டத்திலேயே கறுப்பு மேலும் கூடுவது நிற்கும்.

அதன் பிறகுதான் கிரீம். பெட்டியில் நிறுவனப் பெயரை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை வாசியுங்கள். நான் முதலில் சொல்வது 4 அல்லது 5 சதவீத நயாசினமைடு. 2013இல் வெளியான மெக்சிகோ ஆய்வொன்றில் கமக்கட்டு கறுத்த 24 பெண்கள் 9 வாரம் பூசினார்கள். 4 சதவீத நயாசினமைடு பூசிய கமக்கட்டுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான் நன்றாகத் தெளிந்தது. நல்ல மருந்தின் நிலையே இதுவென்றால் ஏழு நாள் வாக்குறுதியின் மதிப்பு விளங்கும். தடித்துச் சொரசொரப்பான தோலுக்கு 10 சதவீத யூரியா கிரீம் துணை செய்யும். அசெலயிக் அமிலமும் பயன்படும், ஆனால் ஆரம்பத்தில் கொஞ்சம் எரியலாம்.

முதலில் காசளவு இடத்தில் மூன்று இரவு பூசிப் பாருங்கள். சிவக்கவில்லை என்றால் இரவில், உலர்ந்த தோலில், ஒரு பக்கத்துக்குப் பட்டாணி அளவு போதும். முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு தினமும். முடி எடுத்த அன்று வேண்டாம். மாதம் ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். கண்ணாடி ஏமாற்றும்.

கமக்கட்டுக்கு வெயில் தடுப்பு சேர்த்த 'வைட்னிங்' கிரீம் விற்கிறார்கள். வெயிலே படாத மடிப்புக்கு அது எதற்கு? பூசிய உடனே வெளுப்பது பல கிரீம்களில் டைட்டானியம் டையொக்சைட்டின் வெள்ளைப் பூச்சு, கழுவினால் போய்விடும்.

ஏமாற்றத்தைவிடப் பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று ஸ்டீராய்டு. மடிப்புத் தோல் மருந்தை அதிகம் உறிஞ்சும். வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, உள்தொடையில் அழியாத வரித் தழும்பு விழும். மற்றது பாதரசம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உள்ளடக்கமோ தயாரிப்பாளரோ அச்சிடாத டப்பா, 'வெள்ளி, தங்க நகையில் படக்கூடாது' என்ற எச்சரிக்கை, 'கலோமெல்' என்ற பெயர் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வாங்காதீர்கள்.

மூன்று மாதத்தில் மாற்றமே இல்லை, அல்லது நிறம் நீலச் சாம்பலாக இருக்கிறது என்றால் நிறமி ஆழத்தில் இருக்கலாம், கிரீம் அங்கே போகாது. கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ தோல் கிளினிக்கில் காட்டுங்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. இதுவரை பூசிய எல்லாக் கிரீம்களையும் பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள், வெட்கப்பட்டு எதையும் மறைக்க வேண்டாம்.