புதிய குழு உறுப்பினர் முதன்முதலாக எழுந்து பேசும்போது

மீளக்குடியேறிய ஊர்களில் பாடசாலைகள் மீண்டும் திறக்கும்போது பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் புதிதாகக் கூட்டப்படுகிறது. பழைய உறுப்பினர்களில் சிலர் இன்னும் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். சிலர் இனித் திரும்பப் போவதும் இல்லை. ஆகவே இதற்கு முன் எந்தக் குழுவிலும் இருந்திராத தாய்மாரும் தந்தைமாரும் தெரிவாகிறார்கள். அதற்கு அடுத்த கூட்டத்திலேயே அதிபர், "புதிய உறுப்பினர் தம்மை அறிமுகம் செய்வார்" என்று அழைத்துவிடுவார்.

அப்படி அழைக்கப்பட்ட ஒரு தாயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு வன்னியிலுள்ள தன் ஊருக்குத் திரும்பியவர். ஒரு பிள்ளை தரம் 4, மற்றது தரம் 8. பாடசாலையின் ஒரு கட்டடத்துக்குக் கூரை இல்லை. சிறிய வகுப்புகள் தறப்பாள் கொட்டிலில் நடக்கின்றன. பிள்ளைகளுக்கான மதிய உணவை அம்மாமார் முறை வைத்துச் சமைக்கிறார்கள். கூட்டத்துக்கு முதல்நாள் இரவு அவர் ஒரு கொப்பித் தாளில் இப்படி எழுதினார்:

"எல்லோருக்கும் வணக்கம். நான் இந்தப் பாடசாலையின் பழைய மாணவி. உங்களைப் போலவே எல்லாவற்றையும் இழந்து வந்தவள். எனக்கு நிறுவனங்களில் பலரைத் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை. ஒருவரை விரைவில் எடுத்துத் தருவேன். ஆசிரியர்மாரும் நேரத்துக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிறு எல்லோரும் கத்தி, மண்வெட்டியோடு வாருங்கள். பின்பக்கப் பற்றையை வெட்டிச் சிரமதானம் செய்வோம். உங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறேன். நன்றி."

நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் ஒவ்வொரு வரியும் கேட்பவரின் காதில் எப்படி விழும் என்று பார்க்க வேண்டும்.

"நிறுவனங்களில் பலரைத் தெரியும்" என்பதைக் கேட்ட உடனேயே கூட்டத்தில் பாதிப்பேர் வீட்டுத்திட்டப் பட்டியலை நினைப்பார்கள். முகாமிலும் ஊரிலும் எங்கள் சனங்கள் எத்தனையோ பேருக்குப் பெயர் கொடுத்தாயிற்று. யாருடைய பெயர் பட்டியலில் ஏறியது, யாருடையது ஏறவில்லை என்ற மனக்குறை இன்னும் ஆறவில்லை. அந்த ஒரு வரியால், அன்று பின்னேரமே நாலு பேர் தறப்பாளும் கூரைத்தகடும் கேட்டு அவர் வீட்டு வாசலுக்கு வருவார்கள். அவரால் கொடுக்க முடியாது. கொடுக்காதவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

கணித ஆசிரியர் பற்றிய வாக்குறுதி இன்னும் மோசமானது. ஆசிரியரை நியமிப்பதும் இடமாற்றுவதும் கல்வித் திணைக்களத்தின் வேலை. வெற்றிடத்தை அதிபர் வலயக் கல்விப் பணிமனைக்கு அறிவிக்கலாம், சங்கம் அதற்குத் துணையாக ஒரு கடிதம் எழுதலாம். உறுப்பினர் ஒருவர் "எடுத்துத் தருவேன்" என்று சொன்னால், அதிபர் இதுவரை முயற்சி செய்யவில்லை என்றுதான் அர்த்தப்படும். அந்த அதிபர் ஏற்கனவே மூன்று கடிதம் எழுதிக் களைத்திருக்கக் கூடும்.

ஆசிரியர் நேரத்துக்கு வருவது பற்றிய வரி, ஆசிரியர்மாரை முதல்நாளே கதவைச் சாத்தச் செய்யும். வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விடியமுன் எழும்பி, ஒரே ஒரு பஸ்ஸை நம்பி வருபவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். உண்மையாகவே பிந்தி வருபவர் இருந்தாலும், அதைப் பெற்றோர் முன்னால் சொல்லக்கூடாது. அது அதிபரின் அறையில், தனியாக, வகுப்பையும் நாளையும் குறிப்பிட்டுப் பேசவேண்டிய விடயம்.

சிரமதானம் பற்றிய வரியில்தான் உயிர் ஆபத்தே இருக்கிறது. மிதிவெடி அகற்றும் பிரிவினர் பார்த்து முடித்த இடம் எது, முடிக்காத இடம் எது என்பது உறுதியாகத் தெரியாமல் ஒருவரையும் பற்றைக்குள் இறக்கக்கூடாது. மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதால் அந்த இடம் துப்புரவானது என்று ஆகாது. பலகையைக் காற்று விழுத்தியிருக்கலாம், யாராவது விறகுக்குக் கழற்றியும் இருக்கலாம். அதிபரிடமும் கிராம அலுவலரிடமும் கேட்டு, பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்ட பின்னரே சிரமதானத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

"உங்களைப் போலவே எல்லாவற்றையும் இழந்து வந்தவள்" என்ற வரியைப் பற்றி இருவிதமாக நினைக்கலாம். உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் கணவனைப் பறிகொடுத்தவரும் இருப்பார், பிள்ளை எங்கே என்று தெரியாதவரும் இருப்பார். எல்லோருடைய இழப்பையும் ஒரே வசனத்தில் கட்டுவது சிலருக்கு நோகும். எங்கிருந்து வந்தேன் என்று மட்டும் சொன்னால் போதும். மிச்சம் அவர்களுக்குத் தானாக விளங்கும்.

அந்தத் தாய் எழுதியதைத் தன் மூத்த அக்காவிடம் வாசித்துக் காட்டினார். அக்கா, "நீ அதிபரைப் பார்த்தனியே?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. அடுத்தநாள் காலை பாடசாலைக்கு நேரத்தோடு போய், அதிபரிடம் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டார். கேட்டது மூன்று விடயம்: எவ்வளவு நேரம் பேசலாம், இப்போது உண்மையில் எந்த வேலைக்கு ஆள் தேவை, இன்னும் வெளியில் சொல்லக்கூடாத விடயம் ஏதும் உண்டா. மதிய உணவுதான் பெரிய தலையிடி என்றார் அதிபர். சமைக்கும் முறை யாருடையது என்பது சரியாகத் தெரியாமல் சில நாட்களில் ஒருவருமே வருவதில்லை. அப்போது ஓர் ஆசிரியை வகுப்பை விட்டுவிட்டு அடுப்படிக்கு ஓட வேண்டியிருக்கிறது. பின்பக்கக் காணி இன்னும் பார்த்து முடிக்கப்படவில்லை என்பதும் அப்போதுதான் இவருக்குத் தெரியவந்தது.

உணவுக்குப் பொறுப்பான ஆசிரியையையும் கண்டு, "முறை எழுதும் வேலையை நான் எடுத்தால் உங்களுக்குச் சம்மதமோ ரீச்சர்?" என்று கேட்டார். சம்மதம் கிடைத்த பிறகுதான் அதைக் கூட்டத்தில் சொன்னார். இந்த ஒழுங்கு முக்கியமானது. ஒருவரது வேலையை எடுக்கப்போகும் செய்தியை அவர் எல்லோருக்கும் முன்னால் முதன்முதலாகக் கேட்கக்கூடாது.

கூட்டத்தில் அவர் பேசியது இவ்வளவுதான்:

"அதிபர் அவர்களுக்கும் ஆசிரியர்மாருக்கும் அம்மாமார் ஐயாமாருக்கும் வணக்கம். என்ரை பிள்ளையள் இங்கை நாலாம் வகுப்பிலையும் எட்டாம் வகுப்பிலையும் படிக்கினம். நாங்கள் செட்டிகுளத்திலை இருந்து வந்து, இப்ப குளத்தடிப் பக்கம் இருக்கிறம். நான் முந்தி ஒரு சங்கத்திலையும் இருந்ததில்லை; பழகத்தான் வேணும். ரீச்சர்மாரை எடுக்கவோ, கட்டடம் கொண்டுவரவோ, ஆரையும் ஒரு பட்டியலிலை சேர்க்கவோ என்னாலை ஏலாது. அதிபரிட்டையும் ரீச்சரிட்டையும் கேட்டு ஒரு வேலை எடுத்திருக்கிறன். சமையல் முறையை ரெண்டு கிழமைக்கு எழுதி, வெள்ளிக்கிழமை காலமை சமையல் கொட்டிலிலை தொங்கவிடுவன். கூலிவேலைக்குப் போற அம்மாமார் ஏலாத நாளை எனக்குச் சொல்லுங்கோ, மாத்தி எழுதுறன். நான் ஆரிட்டையும் காசு வாங்கமாட்டன். பின்னேரத்திலை வீட்டை வந்து கதைக்கலாம்."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் பிள்ளைகளைச் சொன்னார். ஒரு பாடசாலைக் கூட்டத்தில் எவருக்கும் இதைவிடப் பெரிய தகுதி தேவையில்லை. அடுத்து, தன்னால் முடியாதவற்றை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். பலர் இதைச் சொல்ல வெட்கப்படுவார்கள், ஆனால் பின்னேர வாசல் வரிசையைத் தவிர்ப்பது இந்த வரிதான். கடைசியில் ஒரு சின்ன வேலை, அதற்கு ஒரு நாள், பார்க்க ஓர் இடம். வெள்ளிக்கிழமை கொட்டிலில் தாள் தொங்குகிறதா இல்லையா என்பதை எழுத வாசிக்கத் தெரியாத ஒருவர்கூடப் பார்த்து அறிந்துகொள்ளலாம்.

கேள்விகள் வரும். வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். அன்று பின்னால் நின்ற ஒரு ஐயா, "முந்தியும் இப்பிடித்தான் சங்கம் எண்டு வந்து காசு சேர்த்தவை. அந்தக் காசு எங்கை?" என்று கேட்டார். அந்தத் தாய்க்கு அது தெரியாது. தெரியாததற்குப் பதில் சொல்லப் போனால் பழைய குழுவின் பழியைத் தானே தோளில் ஏற்றியதாகிவிடும். "அது எனக்குத் தெரியாது ஐயா. இனிச் சேர்க்கிற காசுக்குப் பற்றுச்சீட்டு இல்லாமல் ஆரும் குடுக்கவேண்டாம், கணக்கைக் கூட்டத்திலை வாசிக்கச் சொல்லி நானும் கேட்பன்" என்றார். பழைய கணக்குப் பற்றி அதிபர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த விடயத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கேட்பது உறுப்பினரின் கடமை.

கூட்டத்துக்கு வராதவர்களை மறக்கக்கூடாது. வயலுக்கும் கூலிக்கும் போனவர்களும், கைக்குழந்தை உள்ளவர்களும் வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் அறிமுகத்தைச் சங்கக்கடையிலோ தண்ணீர் அள்ளும் இடத்திலோ இன்னொருவர் வாயால் கேட்பார்கள், அது அங்கே வேறு கதையாக மாறியிருக்கும். அந்தத் தாய் அடுத்த இரண்டு நாளும் அந்த இடங்களில் அதே வசனங்களைச் சொன்னார். பெற்றோரிடம் ஒருவிதமாகவும் ஆசிரியர் அறையில் இன்னொரு விதமாகவும் பேசினால், சின்ன ஊரில் அது ஒரு நாளுக்குள் வெளிக்கும்.

நம்பிக்கை வருகிறதா என்று அறியக் கைதட்டலைப் பார்க்கவேண்டாம். ஆசிரியர்கள் நீங்கள் வரும்போது கதையை நிறுத்துகிறார்களா, தொடர்கிறார்களா என்று பாருங்கள். அம்மாமார் உங்களிடம் உதவிப்பொருள் கேட்டு வருகிறார்களா, பாடசாலை விடயம் கேட்டு வருகிறார்களா என்று பாருங்கள். பொருள் கேட்டே வந்தால் உங்கள் அறிமுகத்தை அவர்கள் வேறுவிதமாக விளங்கியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் "என்னால் ஏலாது" என்ற வரியை மறுபடி சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை அந்தத் தாய் தாளைத் தொங்கவிட்டார். செவ்வாய்க்கிழமை முறைக்காரர் இருவரில் ஒருவர் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். இவரே போய் மற்றவரோடு சேர்ந்து பருப்பை இறக்கிவிட்டு, தாளில் அந்தப் பெயரை வெட்டாமல் அடுத்த கிழமைக்கு மாற்றி எழுதினார். அடுத்த கூட்டத்தில் எழுந்து, பத்து நாளில் ஒன்பது நாள் முறை சரியாக நடந்தது, ஒரு நாள் தவறியது என்று அப்படியே சொன்னார். தவறியவர் யார் என்று சொல்லவில்லை. ஆசிரியை ஒருநாளும் அடுப்படிக்கு ஓடவில்லை என்பதை அந்த ஆசிரியையே எழுந்து சொன்னார்.