மருந்துச் சீட்டின் மொழி

மருத்துவர் கையால் எழுதும் மருந்துச் சீட்டின் ஒரு வரியில் நான்கு செய்திகள் அடங்கியுள்ளன. மருந்தின் பெயர், ஒரு வேளைக்குரிய அளவு, உட்கொள்ளும் தடவை, உட்கொள்ளும் காலம் என்பன அவை. தடவையும் காலமும் பெரும்பாலும் சுருக்கக் குறியீடுகளாகவே எழுதப்படும்.

தடவையைக் குறிப்பவற்றுள் பல இலத்தீன் தொடர்களின் முதலெழுத்துகளாகும். 'ஓ.டி.' என்பது நாளுக்கு ஒருமுறை, 'பி.டி.' என்பது இருமுறை, 'டி.டி.எஸ்.' என்பது மும்முறை. உறங்கச் செல்லும் வேளையை 'எச்.எஸ்.' குறிக்கும். 'எஸ்.ஓ.எஸ்.' என்றால், தேவைப்படும்போது மட்டும் உட்கொள்ள வேண்டும்.

காலத்தைச் சில மருத்துவர்கள் பின்னம்போல் எழுதுவர். கீழே 7 இருந்தால் நாள். 52 இருந்தால் வாரம். 12 இருந்தால் மாதம். எனவே, 5/7 என்பது ஐந்து நாள். 4/52 என்பது நான்கு வாரம்.

இவற்றைப் படித்த மருந்தாளுநர், படித்தது சரியா என்பதைப் பெருக்கிப் பார்த்து அறிகிறார். 'அமாக்சிசிலின் 500 மி.கி., 1, டி.டி.எஸ்., 5/7' என்னும் வரிக்கு 1 × 3 × 5 = 15 கேப்சூல்கள் வேண்டும். சீட்டில் எண்ணிக்கை 10 என்றிருந்தால், மும்முறையா இருமுறையா என்னும் ஐயம் எழும். அதைத் தீர்க்காமல் மருந்து வழங்குதல் கூடாது.

ஓர் எழுத்தால் உயிருக்கே இடர் நேரும் இடமும் உண்டு. முடக்குவாத நோயாளி ஒருவர் தரும் சீட்டில் 'மீதோட்ரெக்சேட் 7.5 மி.கி.' என்றும் '4/52' என்றும் தெளிவாக உள்ளன. இடையிலுள்ள குறியீடு 'ஓ.டி.' போலத் தோன்றுகிறது. மாத்திரை ஒன்று 2.5 மி.கி. எனில், ஒரு வேளைக்கு மூன்று மாத்திரைகள். நாள்தோறும் என்றால் 28 நாளுக்கு 84 மாத்திரைகள் ஆகும். இந்த எண்ணே மருந்தாளுநரை நிறுத்துகிறது. முடக்குவாதத்திற்கு இம்மருந்து வாரத்திற்கு ஒருமுறையே தரப்படும் என்பதை அவர் அறிவார். எழுதப்பட்டது 'ஓ.டபிள்யூ.', அதாவது வாரம் ஒருமுறை, என்றால் 12 மாத்திரைகளே போதும்.

எனினும் அவர் தாமாக முடிவு செய்வதில்லை. இதே மருந்து புற்றுநோய்க்கு வேறு முறையிலும் அளவிலும் தரப்படுவதால், நோய் இன்னதென நோயாளியிடம் கேட்டறிகிறார். பின்னர் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, 'வாரம் ஒருமுறைதானே?' என்று உறுதிசெய்கிறார். நாள்தோறும் உட்கொண்டிருந்தால் எலும்பு மச்சை இரத்த அணுக்களை உருவாக்கும் ஆற்றலை இழந்திருக்கும். வாய்ப்புண்ணும் காய்ச்சலும் அதன் அறிகுறிகளாகத் தோன்றியிருக்கும்.

இறுதியாக, மருந்து உறையில் அவர் குறியீடு எதையும் எழுதுவதில்லை. 'ஞாயிற்றுக்கிழமை மட்டும், மூன்று மாத்திரைகள். மற்ற நாள்களில் உட்கொள்ளக் கூடாது' என்று முழுத்தொடராக எழுதி, நோயாளியையே படித்துக் காட்டச் சொல்கிறார்.