காரணம் சொல்லிக் கேட்கும் கடிதம்

ஒன்பதாம் வகுப்பில் கடிதம் எழுதச் சொன்னால் மாணவர்கள் அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வரிசையைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். உள்ளே வந்ததும் ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்துவிடுகிறார்கள். படிப்பவர் என்ன செய்ய வேண்டும், எதற்காகச் செய்ய வேண்டும் என்று கடிதத்தில் தேடினால் கிடைப்பதில்லை. இந்தக் குறையைப் பல ஆண்டுகளாகச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வந்தேன். சென்ற ஆண்டு எனக்கே வந்த ஒரு கடிதம்தான் அதற்கு வகுப்பறை வழியைக் காட்டியது.

எங்கள் பள்ளியின் ஆண்டு மலருக்கு, பழைய சீமை ஓட்டுக் கட்டடத்தை ஓவியமாக வரைந்து அட்டையில் போட வேண்டும் என்று முன்னாள் மாணவர்கள் விரும்பினார்கள். சுவரில் விரிசல் கண்டதால் அக்கட்டடத்தை இடிக்க முடிவாகியிருந்தது. வெளியூரில் சொந்தமாக வடிவமைப்புப் பணி செய்யும் ஒரு பெண்ணிடம் வேலையை ஒப்படைத்தோம். கைப்பேசியில் இருந்த மூன்று படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்றே நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து வந்த கடிதத்தை, அவர் இசைவுடன் சற்றுச் சுருக்கித் தருகிறேன்.

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய மூன்று படங்களும் கிடைத்தன. ஒன்று உச்சி வெயிலில் எடுத்தது. ஓட்டுச் சரிவின் நிழல் விழுந்து சன்னல்கள் இருட்டாகிவிட்டன. மற்றொன்றில் மாணவர்கள் வரிசையாக நிற்பதால் தூண்களின் அடிப்பகுதி தெரியவில்லை. மூன்றாவது, யாரோ அனுப்பியதைத் திரையிலிருந்து பிடித்த படம். பெரிதாக்கினால் எல்லாம் கலங்கிவிடுகிறது. என்னால் நேரில் வர இயலாது. கட்டடத்தை இடித்துவிட்டால் மீண்டும் கேட்கவும் முடியாது. ஆகவே எனக்கு வேண்டியவற்றைக் காரணத்துடன் எழுதுகிறேன். இந்தப் படங்களை அச்சிடப் போவதில்லை. பார்த்து வரைவதற்கே கேட்கிறேன். எனவே அவை அழகாக இருக்க வேண்டாம், வடிவம் தெரிந்தால் போதும்.

முதலில் வேண்டியது நேர் முன்பக்கப் படம். முடிந்தவரை தள்ளி நின்று, கைப்பேசியைச் செங்குத்தாக நெஞ்சு உயரத்தில் பிடித்து எடுங்கள். கூரை படத்தில் அடங்கவில்லை என்று கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்த்தால், தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்குவதுபோல் தெரியும். பக்கத்தில் நின்றுகொண்டே 0.5 என்ற பொத்தானை அழுத்தினால், ஓரத்தில் இருப்பவை இழுபட்டுப் பருத்துத் தெரியும். அதைப் பார்த்து வரைந்தால், ஒரே பருமனான தூண்களில் கடைசித் தூண் மட்டும் தடித்துவிடும். தள்ளி நிற்பதால் கட்டடம் சிறிதாகத் தெரிந்தால் 2x வைத்து எடுக்கலாம்.

இரண்டாவதாக, ஒரு மூலையில் நின்று முன்பக்கமும் பக்கவாட்டுச் சுவரும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம். தாழ்வாரம் எவ்வளவு ஆழம், ஓட்டுச் சரிவு எவ்வளவு முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பவை நேர் படத்தில் தெரியாது.

மூன்றாவது, அளவுக்கான படம். ஒரு தூணை ஒட்டி மீட்டர் அளவுகோலை நிறுத்தி எடுங்கள். அளவுகோல் தூணைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். யாராவது அதைத் தூணுக்கு இரண்டடி முன்னால் பிடித்தால் அளவுகோல் பெரிதாகத் தெரியும். அதை வைத்துக் கணக்கிட்டால் தூண் குட்டையாகிவிடும்.

இவற்றைக் காலை 9 மணி அளவில் எடுங்கள். கட்டடம் கிழக்குப் பார்த்தது என்றீர்கள். இந்தத் தை மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் வெயில் சுவரில் சாய்வாக விழும். தூணின் வளையங்கள், சன்னலின் குழிவு எல்லாம் சிறு நிழலுடன் எழுந்து தெரியும். கூடவே, சுவருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். வெயிலும் கைப்பேசியும் சேர்ந்து நிறத்தை மாற்றிவிடும். தாள் வெள்ளையாகத் தெரியும்வரை நான் படத்தைத் திருத்தினால், சுவரின் காவி நிறம் தானாக அதன் இடத்துக்கு வந்துவிடும்.

அலுவலகத்தில் பழைய குழுப்படம் ஒன்று மாட்டியிருப்பதாகச் சொன்னீர்கள். முகப்பின் உச்சியில் இப்போது உடைந்திருக்கும் சுதை வேலை அதில் முழுதாக இருக்கலாம். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் பளபளக்காதபடி, சன்னலுக்குப் பக்கவாட்டாக வைத்து எடுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம், கிழிந்துவிடும். அந்தப் பகுதி எதிலும் கிடைக்காவிட்டால், உடைந்தபடியே வரைவேன். இல்லாததைக் கற்பனையாக வரைந்தால், அங்கே படித்தவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

படங்களை வாட்ஸ்அப்பில் ‘Document’ என்ற வழியில் அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். தூண் வளையம் போன்ற நுணுக்கங்கள்தாம் முதலில் காணாமல் போகும். விரிசல் விட்ட அறைகளுக்குள் யாரும் போக வேண்டாம். அட்டைக்கு உட்புறம் தேவையில்லை.

கடைசியாக, நான் கேட்காத ஏதாவது ஒன்று அந்தக் கட்டடத்தோடு உங்கள் நினைவில் இருந்தால் அதையும் எடுத்து அனுப்புங்கள். இந்த மூன்று படங்களில் தெரியாத பொருளை என்னால் கேட்க முடியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள

படித்து முடித்ததும் முதலில் சற்றுக் கோபம்தான் வந்தது. மூன்று படம் அனுப்பினால் இவ்வளவு குற்றமா என்று தோன்றியது. இரண்டாம் முறை படித்தபோது, என்னைக் குறை சொல்லும் வரி ஒன்றுகூட அதில் இல்லை என்பது தெரிந்தது. குறை முழுவதும் படத்தின் மேல்தான் இருந்தது. மாணவர்களிடம் இதைக் காட்ட வேண்டும் என்று அப்போதுதான் நினைத்தேன்.

முப்பத்திரண்டு மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தேன். முதல் குழுவுக்குக் கடிதத்திலிருந்து காரணங்களை நீக்கி, கேட்பவற்றை மட்டும் எழுதிக் கொடுத்தேன்: தள்ளி நின்று நேராக எடுக்கவும், 0.5 வேண்டாம், தூணருகே அளவுகோல் வைக்கவும், வேறு ஏதேனும் இருந்தாலும் அனுப்பவும் என்பது போல. இரண்டாம் குழுவுக்கு முழுக் கடிதம். இரு குழுவும் அடுத்தடுத்த நாள் காலை 9 மணிக்கு, ஆசிரியர்களின் கைப்பேசியுடன், கட்டடத்திலிருந்து தள்ளிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று வேலை செய்தன. அளவுகோலை மட்டும் நானே தூணில் சாய்த்து வைப்பதாக ஏற்பாடு.

கடிதம் எழுதியவருக்குத் தெரியாத ஒன்று எங்கள் வளாகத்தில் இருந்தது. கட்டடத்துக்கு முன்னால் ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. தள்ளி நின்றால் மரம் இரண்டு தூண்களை மறைக்கும். மரத்தைத் தாண்டி முன்னே வந்தால் கட்டடம் படத்தில் அடங்காது.

முதல் குழு சிறிது நேரம் விவாதித்தது. ‘மரம் தெரியக் கூடாது’ என்று ஒருவன் முடிவு செய்தான். எல்லாரும் மரத்தைத் தாண்டி முன்னே வந்து, வேண்டாம் என்று எழுதியிருந்த 0.5 பொத்தானையே அழுத்தினார்கள். படத்தில் கட்டடம் முழுவதும் அடங்கியது; மரமும் இல்லை. அவர்களுக்கு மிகுந்த மனநிறைவு. ஓரத் தூண் தடித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே!

இரண்டாம் குழுவும் அதே மரத்தின் முன் நின்றது. ஒரு மாணவி கடிதத்தை எடுத்து மீண்டும் படித்தாள். ‘டீச்சர், அவங்களுக்கு ஒரே படம் வேணும்னு இல்ல. தூண் சாயாம, பருக்காம தெரியணும். அவ்வளவுதானே?’ என்றாள். பிறகு அவர்கள் செய்தது எனக்கே தோன்றாதது. சுவருக்கு இணையாகத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டார்கள். மரத்துக்கு இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம் என அந்தக் கோட்டின் மேலேயே நகர்ந்து, கைப்பேசியைச் சுவருக்கு நேராகவே பிடித்து எடுத்தார்கள். ஒரு படத்தில் மறைந்த தூண் மற்றொன்றில் தெரிந்தது.

அவர்களிடமும் தவறு இருந்தது. வெள்ளைத் தாளைப் பிடித்தவன் அதைத் தன் நிழலுக்குள் பிடித்துவிட்டான். சுவர் வெயிலில், தாள் நிழலில். அந்தப் படம் நிறத்துக்குப் பயன்படவில்லை. ‘சுவருக்குப் பக்கத்தில்’ என்று எழுதியவர், ‘அதே வெயிலில்’ என்று எழுதவில்லை. இதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். ‘அப்படின்னா கடிதத்திலயும் குறை இருக்கு டீச்சர்’ என்று ஒருவன் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அந்த வரியைத் திருத்தி எழுதுவதையே அன்றைய பயிற்சியாக்கினேன். அளவுகோல் பற்றிய பத்தியைக் கணித ஆசிரியர் வடிவொத்த முக்கோணங்களுக்கு எடுத்துக்கொண்டார். அது அவர் எழுத வேண்டிய கட்டுரை.

அடுத்த வாரம் மாணவர்களை இதே வகையில் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். நிலைமையை அவர்களே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் வேறொருவரிடம் படம் கேட்பதாக இருக்க வேண்டும். தையல் தொழில் செய்யும் தன் சித்திக்காக ஒரு மாணவி எழுதினாள். முதல் வரைவில் ‘ரவிக்கை மாதிரியைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பவும்’ என்று ஒரே வரி. தெளிவு என்றால் எது என்று கேட்டேன். வீட்டுக்குப் போய்ச் சித்தியிடம் கேட்டு வந்தாள். இரண்டாம் வரைவில் இப்படி இருந்தது: ‘ரவிக்கையை மாட்டித் தொங்கவிட்டு எடுக்க வேண்டாம், கழுத்து இழுபட்டு ஆழமாகத் தெரியும். கட்டிலில் விரித்து, நேர் மேலிருந்து முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று எடுக்கவும். கழுத்தருகே அளவு நாடாவை வைக்கவும்.’

திருத்தும்போது நான் புதிய மதிப்பெண் முறை எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அருகில் பென்சிலால் ‘ஏன்?’ என்று எழுதினேன். பதில் கடிதத்திலேயே இருந்தால் அழித்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் காரணம் எழுதத் தொடங்கிய சிலரின் கடிதம் நீண்டு சலிப்பூட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும், ஏனெனில் அதற்குள் வேண்டும்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். படிப்பவர் தவறாகச் செய்ய வாய்ப்புள்ள இடத்தில் மட்டும் காரணம் போதும் என்று பேசி முடிவு செய்தோம். வடிவமைப்பாளரின் கடிதத்தில் மூலைப் படத்துக்கு இரண்டே வரி. நேர் படத்துக்கு ஒரு முழுப் பத்தி. அந்த வேறுபாட்டை அப்போதுதான் அவர்கள் கவனித்தார்கள்.

இரண்டாம் குழுவின் படங்களை ‘Document’ வழியில் அனுப்பினேன். வெள்ளைத் தாளை வெயிலில் பிடித்து மறுநாள் எடுத்த படத்தையும் சேர்த்தேன். குழுப்படத்தில் சுதை வேலை தெரியவில்லை. அதற்கு முன்னால் ஒரு கொடிக்கம்பம். எனவே அது உடைந்தபடியே அட்டையில் இருக்கிறது. இரு குழுவினருக்கும் ‘வேறு ஏதேனும்’ என்ற கோரிக்கை போயிருந்தது. முதல் குழு அதற்கு ஒரு படமும் எடுக்கவில்லை. இரண்டாம் குழு தாழ்வாரத்தின் கடைசியில் கம்பியில் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கயிற்றுக்கு வெளியிலிருந்தே 2x வைத்து எடுத்திருந்தது. எங்கள் பள்ளி மணி அதுதான். நான் அனுப்பிய மூன்று படத்திலும் அது இல்லை.

கட்டடம் மாசியில் இடிக்கப்பட்டது. அட்டையில் அந்தத் துண்டு, கடைசித் தூணுக்குப் பக்கத்தில், அதே கம்பியில் தொங்குகிறது.